கட்டணத்தை மறைத்தால் படிவம் நீளும்

வீட்டு மாடியிலோ கூடத்திலோ டியூஷன் நடத்துகிறவர்கள், பள்ளி திறக்கும் பருவத்தில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டுவதோடு ஓர் இணையப் பக்கமும் போட்டு, அதன் க்யூஆர் குறியை நோட்டீஸில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மேலே நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள்; நடுவில் ‘கட்டண விவரத்துக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று ஒரு வரி; அதற்குக் கீழே பெயர், பிறந்த தேதி, பள்ளி, வீட்டு முகவரி, அப்பாவின் தொழில், போன வருட மதிப்பெண் என்று இறங்கிக்கொண்டே போகும் படிவம். பெற்றோர் தெரிந்துகொள்ள வந்த ஒரே விஷயத்தை மறைத்துவிட்டு, அவர்கள் சொல்லத் தேவையில்லாத பத்து விஷயங்களைக் கேட்கும் ஏற்பாடு இது. கட்டணப் பட்டியலையும் விசாரணைப் படிவத்தையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் இப்படி ஆகிறது. பட்டியல் எவ்வளவு பதில் சொல்கிறதோ, அவ்வளவு கேள்வி படிவத்திலிருந்து கழிந்துவிடும்.

கட்டணம் என்று ஓர் எண்ணை மட்டும் போட்டால் அது பதிலாகாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு இடங்களை ஒப்பிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ‘மாதம் 700 ரூபாய்’. இன்னோரிடத்தில் ‘மாதம் 1,500 ரூபாய்’. பார்த்தவுடன் முதலாவது பாதி விலை. ஆனால் அந்த 700 ஒரு பாடத்துக்கு. கணக்கும் அறிவியலும் சேர்த்தால் 1,400. ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதத்துக்கு 14,000. சேர்க்கைக் கட்டணம் 500, மாதிரித் தேர்வுக்கும் நோட்ஸுக்கும் 1,000 என்று தனியே கேட்டால் மொத்தம் 15,500. இரண்டாவது இடத்தில் இரண்டு பாடமும் தேர்வும் நோட்ஸும் அந்த 1,500-க்குள்ளேயே அடக்கம் என்றால் ஆண்டுக்கு 15,000. குறைவாகத் தெரிந்த இடம்தான் 500 ரூபாய் கூடுதல். ஆகவே பட்டியலில் வகுப்பு, அந்தக் கட்டணத்தில் அடங்கும் பாடங்கள், மாதக் கட்டணம், ஆண்டு முழுக்க ஆகும் மொத்தம் என நான்கு நிரல்கள் இருந்தால் போதும். அண்ணன் தம்பி சேர்ந்து வந்தால் சலுகை உண்டா, பாதியில் நின்றால் என்ன என்பதற்குப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி.

நான்கோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் செல்போன் திரை. பலர் அச்சகத்தில் செய்த கட்டண அட்டையை அப்படியே படமாக ஏற்றிவிடுகிறார்கள். காகிதத்தில் அழகாக இருந்தது, போனில் எறும்பு எழுத்தாகிவிடும். அதைத் தேடுபொறி சரியாகப் படிக்காது. பார்வையற்ற பெற்றோருக்கு வாசித்துக் காட்டும் செயலி படம் என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அடுத்த வருடம் நூறு ரூபாய் ஏற்றினாலும் திரும்ப அச்சகத்துக்குத்தான் ஓட வேண்டும். எழுத்தாகவே போட்ட அட்டவணைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஏழெட்டு நிரல் வைத்து, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி விட்டால், திரைக்கு வெளியே போவது எப்போதும் வலது ஓரம், அதாவது மொத்தத் தொகை. அப்படி ஒரு நிரல் இருப்பதே பலருக்குத் தெரியாது. பக்கத்தின் தலைப்பகுதியில் `<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">` என்ற வரி விட்டுப்போயிருந்தால், போன் அந்தப் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால்தான் வாசிக்க முடிகிறது என்றால் முதலில் அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

‘கட்டணத்தைப் பகிரங்கமாகப் போட்டால் பக்கத்துத் தெரு டியூஷன்காரர் நூறு ரூபாய் குறைத்துவிடுவார், நேரில் வந்தால் பேசிப் புரியவைக்கலாம்’ என்பார்கள். முதல் பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. அந்தப் பக்கத்துத் தெருக்காரர் ஒரு போன் போட்டாலே தெரிந்துகொள்வார், இல்லை அவரிடம் மாறிவந்த பிள்ளையே சொல்லிவிடும். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு: பிளஸ் டூ பிள்ளை ஒருவருக்குத் தனியாக வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரே விலை வைக்க முடியாது. அந்த ஒரு வரிசையில் மட்டும் ‘நேரத்தைப் பொறுத்து’ என்று எழுதிவிட்டு மற்றதை எண்ணாகப் போடலாம். ஒரு வரிசைக்காகப் பட்டியல் முழுவதையும் மூடி வைத்தால், கட்டுப்படியாகாதவர்களும் படிவத்தை நிரப்புவார்கள். ஆசிரியர் மாலை வகுப்புக்கு நடுவே ஒவ்வொருவரையும் அழைத்து அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பட்டியல் தன் வேலையைச் செய்துவிட்டால் படிவத்தில் மிஞ்சுவது மூன்று: எந்த வகுப்பு, பெற்றோரின் செல்போன் எண், எப்போது அழைக்கலாம். பிள்ளையின் பெயர் எதற்கு? சேரும் நாளில் கேட்டுக்கொள்ளலாம். பிறந்த தேதியும் பள்ளியும் முகவரியும் சேர்ந்தால், ஒரு பிள்ளை எங்கே இருக்கும் என்று முன்பின் தெரியாதவருக்கும் சொல்லிவிடும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது; அவர்களின் விவரத்தைக் கையாள, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. வாங்காத விவரத்தைக் காக்கும் பொறுப்பு யாருக்கும் கிடையாது.

மிஞ்சிய மூன்றிலும் செல்போன் எண்தான் அதிகம் காலைவாரும். பத்து இலக்கம்தானே என்று `maxlength="10"` என்று கட்டிவிடுகிறார்கள். தொடர்பு அட்டையிலிருந்து நகலெடுத்த எண் பெரும்பாலும் +91 என்று தொடங்கும். அந்த மூன்று எழுத்தும் பத்துக்குள் சேர்ந்துவிடுவதால், ஒட்டும்போது எண்ணின் கடைசி மூன்று இலக்கமாவது சத்தமில்லாமல் வெட்டுப்படும். ‘நன்றி, விரைவில் அழைக்கிறோம்’ என்று பக்கம் சொல்லும். ஆசிரியரிடம் இருப்பதோ அழைக்க முடியாத எண். வந்த விசாரணைகளில் +91-க்குப் பின் ஏழோ அதற்குக் குறைவோ இலக்கம் உள்ள எண்கள் இருந்தால் நோய் இதுதான். `type="number"` போடுவதும் சரியல்ல. அது எண்ணிக்கைக்கான பெட்டி, தொலைபேசி எண்ணுக்கானது அல்ல. `tel` என்றால் எண் விசைப்பலகை திறக்கும், எதையும் வெட்டாது. இடைவெளியையும் +91-ஐயும் பிறகு நாம் நீக்கிக்கொள்ளலாம். செல்போன் பெட்டி மட்டும் இப்படி இருக்கும்:

```html
<form action="/enquiry" method="post">
  <label for="ph">பெற்றோர் செல்போன்</label>
  <input id="ph" name="phone" type="tel"
         autocomplete="tel" required>
  <button>அனுப்பு</button>
</form>
```

இதில் `method="post"` என்பது விட்டுப்போனால் படிவம் தானாக `get` முறைக்குப் போய்விடும். அப்போது தட்டச்சிட்ட செல்போன் எண் பக்க முகவரியின் வாலில் `?phone=` என்று ஒட்டிக்கொண்டு, உலாவியின் வரலாற்றிலும் சர்வரின் பதிவேட்டிலும் தங்கிவிடும். ‘அனுப்பு’ அழுத்தியதும் முகவரிப் பட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவ்வளவு எதற்கு, ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இருபது பிள்ளைகள் படிக்கும் வீட்டு டியூஷனுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். `https://wa.me/91` என்பதை அடுத்து, ஆசிரியரின் பத்து இலக்க எண்ணை இடைவெளி இல்லாமல் சேர்த்தால் இணைப்பு தயார்; பெற்றோரின் எண் வெட்டுப்படாமல் தானே வந்து சேரும். ஆனால் செய்தி அனுப்பத் தயங்கி, ‘அவர்களே அழைக்கட்டும்’ என்று நினைக்கிறவர்களும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல்தான் பேச முடியும் என்கிற வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அந்த மூன்றாவது பெட்டி உதவும். பொத்தானையும் படிவத்தையும் பட்டியலுக்கு அடியிலேயே வைக்கலாம். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன், வேறொருவர் போனிலிருந்து +91-உடன் ஒரு எண்ணை ஒட்டி அனுப்பி, அது முழுதாக வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.