முதல் பில்

கோவையில் ஒரு பெண். மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, ஃப்ரீலான்சராகப் புத்தக வடிவமைப்பில் இறங்கினார். ஒரு நிறுவனத்தின் வெள்ளிவிழா மலர்தான் முதல் வேலை. பேசிய தொகை 60,000 ரூபாய். பல வாரம் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டு, மலரை ஒப்படைத்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். ஆனாலும் பில் அனுப்பக் கை வரவில்லை. இவ்வளவு கேட்கலாமா, கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று நாட்கள் ஓடின.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சித்தி மகனிடம் சொன்னார். "அக்கா, விலை அன்னிக்கே பேசி முடிஞ்சதுங்க. பில் போகாம அங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு ரூபாகூட நகராது" என்றான் அவன்.

அதுதான் உண்மை. வேலையைப் பாராட்டுபவர் ஒருவர், பணம் போடுபவர் வேறொருவர். இரண்டாமவருக்குத் தெரிவதெல்லாம் அந்த ஒரு தாள்தான்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தார். பில் எண், தேதி, இருவர் பெயரும் முகவரியும், செய்த வேலை, தொகை, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பணம் தர வேண்டிய கடைசித் தேதி. எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவத்தில் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு ஒரு வரி இருந்தது. அவர் 10,800 ரூபாயைச் சேர்த்துவிட்டார். தம்பி அதை அடித்தான். தமிழ்நாட்டுக்குள் சேவை மட்டும் தருபவருக்கு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது.

விட்டுப்போன ஒன்றையும் எழுதச் சொன்னான்: பான் எண். தொழில்முறைக் கட்டணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடிக்கும். பான் தராவிட்டால் 20 சதவீதம், அதாவது 6,000 போக வேண்டிய இடத்தில் 12,000.

பில் போனது. கெடு முடிவதற்குள் வங்கிக்கு 54,000 வந்தது. பிடித்த 6,000 தொலைந்த பணம் அல்ல. நிறுவனம் தன் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ததும் அது வருமானவரித் தளத்தில் அவர் பான் கணக்கில் ஏறிவிடும். ஆண்டுக் கணக்கு கொடுக்கும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். அங்கே ஏறவில்லையென்றால் பிடித்த பணத்தை நிறுவனம் கட்டாமல் இருக்கலாம், அல்லது பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம். உடனே கேட்டுவிட வேண்டும்.

பணம் வராமலே இழுத்திருந்தால்? உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு. ஆனால் வேலையை ஏற்கும் முன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு. நம் வடிவமைப்பாளர் அப்போது பதிந்திருக்கவில்லை. அடுத்த வேலை வருவதற்குள் பதிந்துகொண்டார். அந்த வேலைக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். எத்தனை முறை திருத்தித் தருவார் என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதினார்.