நிழல் விழும்: வெளியான வீடியோவில் ஒரு பிழையைத் திருத்துவது எப்படி

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பதினைந்து நிமிட வீடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ராஜராஜன், 1010-இல் முடிந்த திருப்பணி, கல்வெட்டுகள் என எல்லாம் சரியாகவே சொல்லப்படுகிறது. 4:12-இல் மட்டும் ஒரு வரி வருகிறது: “இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது.” தமிழில் பலர் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் வரி இது. ஆனால் உண்மை இல்லை. பார்வையாளர் ஒருவர் மாலையில் எடுத்த படத்தைச் சேனலுக்கு அனுப்புகிறார். அதில் விமானத்தின் நிழல் முற்றத்தில் நீளமாகக் கிடக்கிறது. வீடியோவை அதற்குள் பல ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

யூடியூபில் ஏற்றிய ஒரு வீடியோவை எடுத்துவிட்டு, அதே லிங்க்கில் வேறொன்றை வைக்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் பழைய லிங்க் செத்துவிடும், வியூஸும் கமெண்ட்டுகளும் போய்விடும். பிழையான வாக்கியத்தை மட்டும் யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் வெட்டி எடுக்கலாம். அது இனி வருபவர்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே பார்த்து நம்பியவருக்கு எதுவும் தெரியாது. மருந்தின் அளவு, மின்சார வேலை போன்று யாரையாவது காயப்படுத்தக்கூடிய தவறென்றால் வீடியோவையே உடனே பிரைவேட் ஆக்கிவிட வேண்டும். நிழல் போன்ற தகவல் பிழைக்கு ஏற்ற வழி, வீடியோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் கீழே ஒரு குறிப்பைப் பின் செய்வதும், தனியாக ஒரு சிறு வீடியோ போடுவதும்தான். குறிப்பு இனி வரப்போகிறவர்களுக்கு, சிறு வீடியோ வந்துபோனவர்களுக்கு. இரண்டில் ஒன்றை விட்டாலும் ஒரு கூட்டம் பிழையோடு போய்விடும்.

குறிப்பை இப்படி எழுதலாம்:

“திருத்தம் 4:12 – பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். விழாது என்று நாங்கள் சொன்னது தவறு. காலையிலும் மாலையிலும் முற்றத்தில் பார்க்கலாம். ஏன் விழாததுபோல் தோன்றுகிறது என்பதற்கு இந்த வீடியோ.” இதன் பிறகு லிங்க்.

நேரத்தை 4:12 என்று எழுதினால் அதுவே தொடக்கூடிய லிங்க் ஆகிவிடும், தொட்டவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். நீளமான கமெண்ட் மடிந்துகொள்ளும் என்பதால் சரியான தகவல் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். நன்றியும் வருத்தமும் சொல்லி நாலு வரி போன பிறகு திருத்தம் வருமானால் பலர் அதுவரை படிக்கமாட்டார்கள். எது தவறு என்று சொல்லாமல் “சில தகவல்கள் திருத்தப்பட்டுள்ளன” என்று எழுதுவதும் கூடாது. அதைப் படித்தவர் வீடியோ முழுவதையும் சந்தேகப்படுவார், பிழையை மட்டும் கண்டுபிடிக்கமாட்டார்.

முன்பு யூடியூபில் அனொட்டேஷன் என்ற வசதி இருந்தது. வீடியோ ஓடும்போது படத்தின் மேலேயே எழுத்துப் பெட்டியை வைக்கலாம். திருத்தத்தைப் பிழை வரும் நொடியிலேயே காட்டப் பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அது கைபேசியில் தெரியாது என்பதால் 2017-இல் புதிதாகச் சேர்ப்பதை யூடியூப் நிறுத்தியது. 2019 ஜனவரியில் பழையவற்றையும் நீக்கியது. திருத்தப் பெட்டிகள் மறைந்தன, பிழைகள் அப்படியே பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த இழப்பைப் பார்த்தவர்கள் திருத்தத்தை ஒரே இடத்தில் மட்டும் வைக்க யோசிப்பார்கள்.

அதனால் டிஸ்கிரிப்ஷனிலும் எழுதிவைப்பது நல்லது. 2022-இல் யூடியூப் இதற்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. கீழே உள்ள வடிவத்தில் எழுதினால், அந்த நேரத்தில் வீடியோவின் மூலையில் சிறு கார்டு ஒன்று தோன்றும்:

```
Correction:
4:12 விமானத்தின் நிழல் தரையில் விழும்
```

முதல் சொல்லை ஆங்கிலத்திலேயே விட வேண்டும், விளக்கம் தமிழில் இருக்கலாம். அத்தியாயப் பட்டியல் இருந்தால் அதற்குக் கீழே இதை எழுத வேண்டும். எழுதியபின் வேறொரு போனில் வீடியோவை ஓட்டிப் பார்ப்பது அவசியம். கார்டு வராமல் போனாலும் டிஸ்கிரிப்ஷனில் அந்த வரி நிற்கும். டிவியில் பார்ப்பவர் கமெண்ட் பகுதிக்குப் போவது அரிது. வாட்ஸாப்பில் வெட்டி அனுப்பப்பட்ட துண்டோடு எந்தக் குறிப்பும் கூடப்போகாது.

சிறு வீடியோவில் என்ன சொல்வது? இங்கே உளவியல் ஆய்வொன்று கைகொடுக்கிறது. 1994-இல் ஜான்சன், சீஃபர்ட் என்ற இருவர், கிடங்கு ஒன்றில் தீப்பிடித்த கதையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் செய்தி வருகிறது. பிறகு அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வருகிறது. திருத்தத்தைப் படித்து நினைவிலும் வைத்திருந்தவர்கள்கூட, கேள்வி கேட்டபோது பெயின்ட்டையும் உருளைகளையும் காரணமாகச் சொன்னார்கள். தீ வைக்கப்பட்டது என்பதுபோல் வேறொரு காரணத்தைத் தந்தபோதுதான் பழைய எண்ணத்தின் பிடி தளர்ந்தது. வெறுமனே “அது தவறு” என்றால் மனத்தில் ஒரு காலியிடம் உண்டாகிறது. அங்கே வைக்க வேறொன்று இல்லையென்றால் பழையதே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நிழலுக்கு அந்த வேறொன்று நம்மிடம் இருக்கிறது. விமானம் சுமார் 216 அடி உயரம், அடித்தளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 100 அடி. மேலே போகப்போகக் குறுகும் வடிவம். உச்சியின் நேர் கீழிலிருந்து அடித்தள விளிம்புக்கு 50 அடி இருக்கிறது. தஞ்சையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேராக நிற்கும். அதையொட்டிய நாட்களில் உச்சியின் நிழல் அந்த 50 அடியைத் தாண்டாமல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். வெயிலில் நடுப்பகலில் வந்தவர் முற்றத்தில் நிழலைக் காணாமல் கதையை நம்பிவிடுவார். அவரே மார்கழியில் வந்தால், சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் வடக்கு முற்றத்தில் நிழலைக் காண்பார். இவ்வளவையும் முக்கால் நிமிடத்தில் சொல்லிவிடலாம். “பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும்” என்பது முதல் வாக்கியம். அடுத்து, ஒரே இடத்தில் நின்று காலை, நண்பகல், மாலை எடுத்த மூன்று காட்சிகள். பிறகு, முந்தைய வீடியோவில் தவறாகச் சொன்னோம் என்று ஒரே ஒரு முறை. அப்புறம் காரணம். கடைசியில் மீண்டும் சரியான தகவல்.

தலைப்பில் எச்சரிக்கை வேண்டும். “நிழல் விழாத பெரிய கோயில்: உண்மை என்ன?” என்று வைத்தால் அதைத் திறக்காமல் கடந்துபோகிறவர்கள் மனத்தில் பழைய வரி இன்னொரு முறை பதியும். “பெரிய கோயில் நிழல் எங்கே விழுகிறது?” என்று வைத்தால் தலைப்பே திருத்தத்தைச் சொல்லிவிடும். தம்ப்நெயிலில் முற்றத்தில் விழுந்த நிழலின் படம் போதும்.

இதை ஷார்ட்ஸாகப் போடுபவர்கள் ஒரு தடங்கலைச் சந்திப்பார்கள். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் கமெண்ட்டிலும் டிஸ்கிரிப்ஷனிலும் போடும் லிங்க்குகளைத் தொட்டால் திறக்காது. பழைய வீடியோவை ஸ்டுடியோவில் தொடர்புடைய வீடியோவாக இணைக்க வேண்டும். பழைய வீடியோவில் பின் செய்த குறிப்பின் லிங்க் வழக்கம்போல் வேலை செய்யும். 4:12-க்கு ஒரு கார்டையும் வைத்துச் சிறு வீடியோவுக்கு வழிகாட்டலாம்.

திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பழைய வீடியோவின் புதிய கமெண்ட்டுகள் காட்டிக்கொடுக்கும். “நிழலே விழாதாமே, எப்படிக் கட்டினார்கள்!” என்று சில வாரங்கள் கழித்தும் வியப்போடு எழுதுகிறார்கள் என்றால் குறிப்பு கண்ணில் படவில்லை. அப்போது வாக்கியத்தைச் சுருக்கலாம், அல்லது 4:12-ஐ வெட்டியே எடுத்துவிட்டு, வெட்டியதைக் குறிப்பிலும் சொல்லலாம். ஒரு வீடியோவுக்கு ஒரு கமெண்ட்டைத்தான் பின் செய்ய முடியும். அடுத்த மாதம் புதிய தொடருக்கான அறிவிப்பை அங்கே பின் செய்தால் திருத்தம் நூற்றுக்கணக்கான கமெண்ட்டுகளுக்கு அடியில் போய்விடும். அறிவிப்பை டிஸ்கிரிப்ஷனில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் திருத்தத்துக்கே விட்டுவிட வேண்டும்.