நேரம் சரி, எழுத்துதான் சரியில்லை

படத்தில் நடிகர் வாயைத் திறக்கும் அதே நொடியில் சப்டைட்டிலும் வருகிறது. ஆனால் வருவது தமிழ் இல்லை. வரிசையாகக் கட்டங்கள், அல்லது `à®¨à®¾` என்று ஏதோ கிறுக்கல். நேரம் மட்டும் எப்படிப் பிசகவில்லை? சப்டைட்டில் கோப்பைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். `.srt` என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரிசை எண், அது தோன்றி மறையும் நேரம், பிறகு வசனம். எண்களும் ஆங்கில எழுத்துகளும் பழைய முறை, புதிய முறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பதிவாகின்றன. அடி வாங்குவது தமிழ் எழுத்துகள் மட்டுமே.

எப்படி அடி வாங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எதையும் மாற்றும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தை விண்டோஸ் நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் கோப்பில் குறையே இல்லை, படம் ஓட்டும் மென்பொருளில்தான் குறை. திரையில் வெறும் கட்டங்கள் வந்தால் அது தேர்ந்தெடுத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். விஎல்சியில் `Tools`, `Preferences`, `Subtitles / OSD` என்று போய் எழுத்துருவை `Nirmala UI` என்று மாற்றினால் போதும். விண்டோஸ் 8 முதல் அது கணினியிலேயே இருக்கிறது. கட்டத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் அதே பக்கத்தில் `Default encoding` என்பதை `Universal (UTF-8)` ஆக்கிவிட்டுப் படத்தை மீண்டும் திறக்க வேண்டும். பாதிப் பேருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நோட்பேடிலும் கிறுக்கலாகவே தெரிந்தால் கோப்பே தவறாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய, உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. உயிர்மெய் என்றால் மெய்க்கு மூன்று, அதன் கொம்புக்கோ காலுக்கோ புள்ளிக்கோ இன்னொரு மூன்று. முதல் பைட் எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். மேற்கத்திய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 முறையோ ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்றே படிக்கும். அதன் கண்ணுக்கு `E0` என்பது `à`, `AE` என்பது `®`, `AF` என்பது `¯`. அதனால்தான் உடைந்த தமிழில் `à®`, `à¯` என்ற இரண்டும் விடாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தத் தடம் கண்ணில் பட்டால் சந்தோஷப்படலாம். அசல் பைட்டுகள் வேறு வேடத்தில் உள்ளே இருக்கின்றன.

‘நாளைக்கு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் அதைத் தவறான முறையில் திறந்து, தெரிந்த கிறுக்கலையே யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டார். இப்போது கோப்பில் இருப்பது இது:

```
à®¨à®¾à®³à¯ˆà®•à¯à®•à¯
```

ஒரு பைட் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று பைட்டுகள் இருப்பதால் கோப்பும் ஊதிப்போயிருக்கும். திருத்துவது என்றால் நடந்ததைப் பின்னோக்கி நடத்துவதுதான். இலவசமாகக் கிடைக்கும் `Notepad++` மென்பொருளில் கோப்பைத் திறந்து, `Encoding` பட்டியலில் முதலில் `Convert to ANSI` சொடுக்குங்கள். எழுத்துகள் மாறாது, ஆனால் ஒவ்வொன்றும் மறுபடி ஒற்றைப் பைட் ஆகிவிடும். பிறகு அதே பட்டியலில் மேலே உள்ள `UTF-8` என்பதைச் சொடுக்குங்கள். கிறுக்கல் மறைந்து ‘நாளைக்கு’ வந்து நிற்கும். அப்போது சேமிக்கலாம். கீழே `Convert to UTF-8` என்றும் ஒன்று உண்டு, அதைத் தொடக்கூடாது. அது பைட்டுகளையே மாற்றி எழுதும், மேலே இருப்பது பைட்டுகளை அப்படியே விட்டுப் படிக்கும் முறையை மட்டும் மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கிறுக்கலின் மேல் இன்னொரு கிறுக்கல் ஏற்றியவர்கள் நிறையப் பேர். (கணினியின் பழைய முறை விண்டோஸ்-1252 ஆக இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அதுதான்.)

சில சமயம் எல்லாம் திரும்பி வந்தும் ஒரு நோய் மிஞ்சும். சொல் ‘நாளைக�க�’ என்று வரும். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் நான்கில் தமிழ் மாட்டிக்கொள்கிறது: ஏ, ஐ, உகரக் குறியான ு, மற்றும் புள்ளி. இவற்றின் மூன்றாவது பைட்டுக்கு அந்த அட்டவணையில் எழுத்தே கிடையாது. சில மென்பொருள்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் காப்பாற்றி வைக்கும். சில தூக்கி எறிந்துவிடும். எறிந்துவிட்டால் மீட்கக் கருவி இல்லை. புள்ளி, உகரம் என்று தமிழில் மூச்சுக்கு மூச்சு வருகிற இரண்டும் ஒரே மாதிரி `�` ஆகிவிடுவதால், எது எது என்று மொழி தெரிந்தவர்தான் வரிவரியாகச் சொல்ல வேண்டும். ‘நாளைக�க�’ என்பதில் முதலாவது புள்ளி, இரண்டாவது உகரம் என்று நமக்கு யோசிக்காமலே தெரிகிறது. முழுப் படத்துக்கும் இதைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும். வேறு நல்ல பிரதி கிடைக்குமா என்று முதலில் தேடுவதே புத்திசாலித்தனம்.

கோப்பில் `?????` என்று வெறும் கேள்விக்குறிகள் இருந்தால் தேடுவதைத் தவிர வழியே இல்லை. தமிழ்க் கோப்பை `ANSI` என்று சேமிக்கும்போது, அந்த முறையில் இடமில்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. ‘க’வும் கேள்விக்குறி, ‘ம’வும் கேள்விக்குறி. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு வரை நோட்பேட் இயல்பாக `ANSI` என்றே சேமித்துவந்தது. ஓர் எச்சரிக்கை கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தியவர்களால் அழிந்த கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

`ehisf;F` என்று ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் ‘நாளைக்கு’தான், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. இலங்கைத் தமிழரிடையே பரவலாக இருந்த இந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் செயலிகள் உண்டு, `NHM Converter` அவற்றில் ஒன்று. நேர வரிகளை விட்டுவிட்டு வசனங்களை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் நேரத்தில் உள்ள குறிகளும் மாறி, சப்டைட்டில் வராமலே போகலாம்.

கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடிய கோப்பு, பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் மறுபடி தகராறு செய்யலாம். கிறுக்கலாக வந்தால் `Convert to UTF-8-BOM` என்று மாற்றிச் சேமித்துப் பாருங்கள். கோப்பின் தலையில் சேரும் மூன்று பைட்டுகளைப் பார்த்துத்தான் சில கருவிகள் முறையைக் கண்டுகொள்கின்றன. எழுத்து தெரிந்தும் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், புள்ளி தனியே ஒரு வட்டத்தின் மேல் மிதந்தால், அது குறியாக்கத்தின் பிழை அல்ல. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அந்தப் பெட்டிக்கு இல்லை. கோப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயன் கிடையாது. `HandBrake` போன்ற மென்பொருளில் `Burn In` என்ற தேர்வைப் போட்டு வசனத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடலாம். முதலில் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் பதித்து, அதில் எழுத்து ஒழுங்காகக் கோத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் படத்துக்கு நேரம் பிடிக்கும், பதித்த வசனத்தைப் பிறகு அணைக்கவும் முடியாது.