20,000 இடைவெளிகளும் இரண்டு வட்டங்களும்

ஆட்டோமேட்டா தாளைப் பற்றி சீனியர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: நாலைந்து மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பழகினால் பாஸ் ஆகிவிடலாம் என்று. உண்மைதான், ஆகிவிடலாம். அப்படிப் பாஸ் ஆனவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

2016 ஜூலை 20. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. யாரும் தாக்கவில்லை. யாரோ போட்டிருந்த ஒரு பதிவில், ஒரு வரியின் நடுவே சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து இருந்தன, அவ்வளவுதான். வரியின் கடைசியில் வீணாகக் கிடக்கும் இடைவெளிகளை வெட்டிவிட, அந்தத் தளம் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தியது. எந்த மாதிரியான எழுத்துத் தொடரைத் தேட வேண்டும் என்பதைச் சுருக்கக் குறிகளால் சொல்வதே ரெகுலர் எக்ஸ்பிரஷன். அதன் முக்கியப் பகுதி இவ்வளவுதான்:

```
\s+$
```

ஒன்றோ பலவோ இடைவெளிகள், அதையடுத்து வரியின் முடிவு என்பது பொருள். தேடும் நிரல் முதல் இடைவெளியில் தொடங்கி 20,000 இடைவெளிகளையும் கடந்தது. அங்கே வரி முடியவில்லை. வேறோர் எழுத்து நின்றது. உடனே பின்வாங்கி, இரண்டாவது இடைவெளியிலிருந்து 19,999 இடைவெளிகளைக் கடந்தது. மறுபடியும் தோல்வி. அடுத்தது மூன்றாவதிலிருந்து. இவற்றையெல்லாம் கூட்டினால் 20 கோடிக்கும் சற்று மேல் வருகிறது. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தின் பட்டியலில் இருந்ததால், பக்கத்தைத் திறந்த ஒவ்வொரு முறையும் இதே வேலை நடந்தது. சர்வர்கள் நலமா என்று சோதிக்கும் ஏற்பாடும் அதே முகப்புப் பக்கத்தைத்தான் கேட்டுப் பார்த்தது. பதில் வராததால் சர்வர்கள் செயலற்றுவிட்டன என்று முடிவுகட்டி, அவற்றுக்கு யாரையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டது.

இதே வேலைக்கு, நீங்கள் முதல் வாரத்தில் போடப்போகும் படத்தை வரைந்து பார்ப்போம். இரண்டு வட்டங்கள். ஒன்று, ‘கடைசியாகப் படித்தது சாதாரண எழுத்து’ என்ற நிலை. மற்றது, ‘கடைசியாகப் படித்தது இடைவெளி’ என்ற நிலை. வரியை இடமிருந்து வலமாக ஒரே முறை படியுங்கள். இடைவெளி வந்தால் இரண்டாம் வட்டத்துக்குப் போங்கள், வேறு எழுத்து வந்தால் முதல் வட்டத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் வட்டத்துக்குள் கடைசியாக நுழைந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வரி முடியும்போது அந்த வட்டத்திலேயே நின்றால், குறித்த இடத்திலிருந்து வெட்டிவிடலாம். 20,000 இடைவெளிகளுக்கு 20,000 அடிகள்தான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனை இப்படி ஆட்டோமேட்டன் வழியாகப் பின்வாங்காமல் ஓட்டும் முறையை 1968-இலேயே கென் தாம்ப்சன் கட்டுரையாக எழுதியிருந்தார். ஆனாலும், முன்பு பொருந்திய பகுதியே திரும்ப வருகிறதா என்று பார்ப்பது போன்ற கூடுதல் வசதிகளுக்காகப் பல மொழிகள் பின்வாங்கும் முறையையே வைத்திருக்கின்றன. அந்த வசதியை விட்டுக்கொடுத்து, நேரத்துக்கு உத்தரவாதம் தருகிறது கூகுளின் RE2. இரண்டில் எது உங்கள் வேலைக்குத் தேவை என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தக் குறை சிறிய சோதனைகளில் தென்படாது. 10 இடைவெளிகளுக்கு 55 அடிகள், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். உள்ளீட்டை இருமடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். நேரமும் இருமடங்கானால் கவலையில்லை. நான்கு மடங்கானால், உள்ளே எங்கோ பின்வாங்கல் நடக்கிறது.

வட்டங்களால் எல்லாம் முடியுமா என்றால், முடியாது. அடைப்புக்குறிகள் சரியாகத் திறந்து மூடியிருக்கின்றனவா என்று பார்க்க 10 நிலைகள் கொண்ட எந்திரம் ஒன்றைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். எதுவும் திறக்காதபோது, ஒன்று திறந்தபோது என்று 10 திறந்தது வரை 11 சூழல்கள் உண்டு. நிலைகளோ பத்துதான். எனவே ஏதோ இரண்டு சூழல்களில் எந்திரம் ஒரே நிலையில் நின்றாக வேண்டும். அவை 3 திறப்புகளும் 7 திறப்புகளும் என்போம். இப்போது 3 மூடல்களைக் கொடுங்கள். முதலாவது சரி, இரண்டாவது தவறு. எந்திரம் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பையே சொல்லும். நிலைகளை ஆயிரமாக்கினாலும் இதே வாதம் நிற்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் பம்பிங் லெம்மாவின் உள்ளிருப்பது இந்த வாதமே.

இங்கேதான் இலக்கணம் தேவைப்படுகிறது:

```
S → ( S ) S | ε
```

ஒரு S என்பது, அடைப்புக்குறிக்குள் ஒரு S, அதன்பின் இன்னொரு S, அல்லது ஒன்றுமேயில்லை. தனக்குள் தன்னையே அழைக்கும் இந்த ஒரு விதி எத்தனை ஆழத்தையும் தாங்கும். இதைச் சரிபார்க்கும் நிரலுக்கு, திறந்தவற்றை நினைவில் வைக்க ஒரு ஸ்டேக் வேண்டும். உங்கள் நிரலைப் படிக்கும் கம்பைலரும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட HTML-ஐ வெறும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் அலச முயல்பவர், ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஓர் ஒட்டு போட்டபடியே இருப்பார்.

ஆகவே, கணக்கைக் கொடுத்ததும் வட்டம் போட ஆரம்பிக்காதீர்கள். இதுவரை படித்ததில் எதை நினைவில் வைத்தால் போதும் என்று முதலில் ஒரு வரி எழுதுங்கள். அந்த நினைவுக்கு எல்லை இருந்தால் ஆட்டோமேட்டன் போதும். ஆழம் கூடக்கூட நினைவும் கூடினால் இலக்கணம் வேண்டும். வேலைக்குப் போன பின் ஒரு கோடு நிரல் எழுதும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.