வெதுவெதுப்பாக வந்த கோழி

'கறி சரியில்லண்ணே' என்று பிரியாணிக் கடைக்காரர் எழுதினால், மொத்த வியாபாரி 'அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்று முடித்துவிடுவார். இப்படி எழுதினால் நழுவ முடியாது:

“அண்ணே, இன்று காலை 7.10-க்கு 20 கிலோ வந்தது. தொடைக்கறியின் நடுவே வெப்பமானியைச் செருகினேன், 14 டிகிரி. இரண்டு பைகளின் வாய் சரியாக ஒட்டாமல், ரத்தநீர் கொத்தமல்லிக் கட்டில் வடிந்திருந்தது. பில்லில் குறித்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிவிட்டேன். இந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள். இனி வண்டியில் ஏற்றும்போது இருந்த சூட்டையும் பில்லில் எழுதி அனுப்புங்கள்.”

குளிரூட்டிய கோழி 5 டிகிரிக்குள் வரவேண்டும். அதற்கு மேலே போனால் கிருமிகள் வேகமாகப் பெருகும். வாங்கி ஃபிரிட்ஜில் திணித்தாலும் அத்தனை கறி உள்வரை குளிரப் பல மணி நேரம் ஆகும்.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். சால்மோனெல்லா செத்துவிடும், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் கக்கிய நச்சு கொதியிலும் அழியாது. என் கணக்கில், கசிவு அதைவிட மோசம். கோழியாவது அடுப்பேறும், கொத்தமல்லியைப் பச்சையாகத்தானே தூவுகிறோம்?

ஏற்றியபோது 4 டிகிரி, இறங்கியபோது 14 என்றால் குற்றம் வண்டியில். ஏற்றும்போதே 12 என்றால் கிடங்கில். கடைசி வரியில் கேட்ட அந்த ஒரு எண்தான் இதைச் சொல்லும். கடிதம் எழுதுகிறவர்கள் அதைக் கேட்காமல் விடாதீர்கள்.