எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?

இணையக் கடையில் பணம் கட்டி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் சில சமயம் ஒரு கேள்வி இருக்கும்: “எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?” வாங்கியவருக்கு அது ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிற விஷயம். கடைக்காரருக்கோ விளம்பரப் பணத்தை எங்கே போடுவது என்று சொல்லக்கூடிய பதில் அதில்தான் கிடைக்கிறது.

வாடிக்கையாளர் எந்த வழியாக வந்தார் என்பதைக் கணினியே சொல்லிவிடாதா? ஓரளவுதான் சொல்லும். விளம்பரத்தைத் தட்டி வந்தால் அது பதிவாகும். ஒருவர் யூடியூபில் ஒரு சமையல் வீடியோ பார்க்கிறார், நான்கு நாள் கழித்துக் கடையின் பெயரைக் கூகுளில் தேடி வாங்குகிறார் என்றால், பெருமை கூகுளுக்குப் போய்விடும். அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டி வருபவர் பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்ற கணக்கில்தான் விழுவார். போதாக்குறைக்கு, 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதித்துவிட்டது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடைக்கு ஒரு மாதத்தில் 1,000 புது வாடிக்கையாளர்கள். கணினிக் கணக்குப்படி கூகுள் தேடலில் 450 பேர், இன்ஸ்டாகிராமில் 300, நேரடியாக 230, யூடியூப் இணைப்பு வழியே வெறும் 20. அந்த மாதம் ஒரு யூடியூப் சேனலுக்கு அவர் கொடுத்தது 70,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளருக்கு 3,500 ரூபாய் ஆகிறது. இதை மட்டும் பார்த்தால் அடுத்த மாதமே நிறுத்திவிடுவார்.

நன்றிப் பக்கத்துக் கேள்விக்கு 400 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். 140 பேர் யூடியூப் என்கிறார்கள், 100 பேர் சொந்தக்காரர், நண்பர் சொல்லி என்கிறார்கள். யூடியூபின் பங்கு 35 சதவீதம். ஆயிரம் பேருக்கு அதே விகிதம் என்றால் 350 பேர், தலைக்கு 200 ரூபாய்தான். ஒவ்வொரு பதிலையும் அந்த ஆர்டரின் கணினிப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கூகுள் வழி வந்ததாகப் பதிவானவர்களில் 180 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 80 பேர் முதலில் பார்த்தது யூடியூபில். கூகுள் அவர்களுக்கு வாசல் மட்டுமே.

இந்த 350-ஐ அப்படியே நம்பிவிடவும் முடியாது. பதில் சொல்லாத 600 பேர் வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பதில் சொன்னவர்களில் கூகுள், இன்ஸ்டாகிராம், நேரடி வருகை என்று கணினி காட்டும் விகிதத்தையும், சொல்லாதவர்களில் அது காட்டும் விகிதத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் விரித்துக் கணக்குப் போடுவதில் கொஞ்சம் துணிவு வரும். வெகுவாக விலகினால் 35 சதவீதத்தை எல்லோர் மேலும் ஏற்றக் கூடாது.

அடுத்த சிக்கல் அவசரத் தட்டல். பட்டியலில் முதலில் இருப்பதையே பலர் தட்டிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் காட்ட வேண்டும். ‘நினைவில்லை’, ‘வேறு’ இரண்டை மட்டும் கடைசியில் நிறுத்தலாம். கடை ஒருபோதும் கொடுக்காத நாளிதழ் விளம்பரத்தையும் ஒரு பதிலாகச் சேர்த்துப் பார்க்கலாம். 400 பேரில் 12 பேர் அதைத் தேர்ந்தால், 3 சதவீதம் வரை வெறும் இரைச்சல் என்று புரியும். அந்த அளவுக்குள் வரும் வேறெந்த வழியை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது.

கேள்வியின் வார்த்தையிலும் கவனம் தேவை. ‘முதலில்’ என்ற சொல் இல்லாவிட்டால் பலர் கடைசியாகத் தட்டிய கூகுளையே சொல்வார்கள். அது கணினிக்கு ஏற்கெனவே தெரியும். யூடியூப் என்று சொன்னவரிடம் மட்டும் “எந்தச் சேனல்?” என்று இன்னொன்று கேட்கலாம். பழைய வாடிக்கையாளரிடம் கேட்பதில் பயனில்லை. பணம் கட்டும் முன் கேட்டால், வாங்க வந்தவரைப் பாதி வழியில் நிறுத்திவைத்தது போலாகும்.

நினைவும் ஏமாற்றும். வாங்கவைத்தது எது என்பதற்கும் மனதில் நிற்பது எது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே எண்ணெய்க்காரர் கடைசியாகச் செய்ய வேண்டியது, மற்றதை மாற்றாமல் இரண்டு மூன்று மாதம் யூடியூப் செலவை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. பழைய வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் விளைவு உடனே தெரியாது. பிறகு கடைப் பெயரைக் கூகுளில் தேடி வருபவர்களும் மொத்தப் புது வாடிக்கையாளர்களும் சேர்ந்து குறைந்தால், பதில்கள் சரியான திசையைக் காட்டியிருக்கின்றன. எதுவும் அசையாவிட்டால் அந்த 70,000 ரூபாயை வேறு இடத்தில் போடலாம்.