உஷார்! இரவுக் கட்டணம் இரண்டு தடவை ஏறலாம்

இரவில் ஆட்டோ ஓட்டும் சாரதிமாரும் ஏறும் பயணிகளும் இன்றிரவே மீற்றரைக் கவனியுங்கள். பேலியகொடை மீன் சந்தையில் வியாபாரம் சூடுபிடிக்கும் பின்னிரவில், வெள்ளவத்தைக்கு ஒரு வியாபாரியை ஏற்றிச் சென்ற சாரதிக்கு நடந்ததைக் கேளுங்கள்.

கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பகலில் முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபாய், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 80, இரவில் 15 சதவீதம் கூடுதல். 12 கிலோமீற்றருக்குப் பகலில் 980 ரூபாய் வரும். இரவில் 1,127. வெள்ளவத்தையில் வண்டி நின்றபோது மீற்றரும் 1,127 என்றுதான் காட்டியது. நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் அது 1,296 ரூபாய் 5 சதமாகத் தாவியது!

வியாபாரி காசை எண்ணத் தொடங்கிவிட்டார். சாரதிதான், “பொறுங்க அண்ணன், இது பிழை” என்று தடுத்து, 1,127 ரூபாயை மட்டும் வாங்கினார்.

எங்கே பிழை? கட்டணம் மாறியபோது மீற்றரைத் திருத்தியவர், இரவு விலையை 115, 92 என்று 15 சதவீதம் கூட்டியே பதிந்திருக்கிறார். முடிவில் 15 சதவீதம் சேர்க்கும் பழைய அமைப்பை நிறுத்தவில்லை. கூட்டிய விலையின் மேல் மறுபடியும் கூடியதால், பயணி கொடுப்பது பகல் கட்டணத்தைவிட 30 சதவீதமல்ல, 32.25 சதவீதம் அதிகம். உரிய இரவுக் கட்டணத்தைவிட இந்த ஓட்டத்தில் மட்டும் 169 ரூபாய்க்கு மேல். சாரதி களவெடுத்தார் என்றுதான் பயணி நினைப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேர்மையாக ஓட்டுபவரின் பெயர், அவர் செய்யாத ஒரு திருத்தத்தால் கெட்டுவிடும்.

முடிவில் மீற்றரே கூட்டாத வண்டியிலும் இது நடக்கும். இரவு விலை ஏற்கெனவே ஏறியிருப்பது தெரியாமல், சாரதி வழக்கப்படி வாயால் இன்னொரு 15 சதவீதம் கேட்டுவிடலாம்.

கண்டுபிடிக்க ஓட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மீற்றர் போட்டவுடன் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். பகல் விலையான 100இல் தொடங்கினால், இரவுத் தொகை இனித்தான் சேரவேண்டும். 115இல் தொடங்கினால் அது சேர்ந்தாயிற்று. அதன்பின் ஒரு சதம்கூட அந்தப் பெயரில் ஏறக்கூடாது. கடைசித் தொகையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பது அவ்வளவு நம்பகமல்ல. வழியில் நின்ற நேரத்துக்கான காத்திருப்புக் கட்டணம் கலந்திருந்தால் கணக்கு குழம்பிவிடும்.

பயணிகளே, நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் மீற்றரைப் பாருங்கள். அந்த நொடியில் தொகை தாவினால், காசு கொடுக்கமுன் சாரதியிடம் காட்டிக் கேளுங்கள். சாரதிமாரே, மீற்றரைத் திருத்தி எடுத்ததும் பகலில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இந்தப் பிழை பகலில் தலைகாட்டாது. இரவு நேரம் தொடங்கியபின் ஆளில்லாமல் இரண்டு கிலோமீற்றர் ஓட்டி நிறுத்துங்கள். மேலே சொன்ன விலைப்படி 207 ரூபாய் வரவேண்டும். 238 வந்தால், அந்த வண்டியில் அன்றிரவு யாரையும் ஏற்றாமல், திருத்தியவரிடமே கொண்டுபோய் இரண்டு கூட்டல்களில் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள்.